கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: சபர் முடிந்து வருபவர்களுக்கு ஒரு கணக்கு



சவூதியில் 2011-இல் நிதாகத் சட்டம் வந்த பிறகு, சபரை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் நம் பகுதியிலும் உண்டு. வந்ததும் பலர் திண்டுக்கல் ரோட்டில் கடை தேடுகிறார்கள். கடை பார்ப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அங்கே பத்து வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்த ஒருவர் 8 லட்சம் ரூபாயுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடை வைக்க ஆசைப்படுகிறார். அட்வான்ஸ் 1.5 லட்சம், அலமாரி, லைட் வேலைக்கு 2 லட்சம், சரக்கு 4.5 லட்சம். கடை திறந்த அன்றே கை காலி.

இனி மாதச் செலவு. வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் 26,000. வீட்டுச் செலவு 20,000. மொத்தம் 46,000. நூறு ரூபாய் விற்றால் இருபது ரூபாய் நிற்கும் என்றால், மாதம் 2,30,000 ரூபாய்க்கு, அதாவது தினமும் ஏறக்குறைய 7,700 ரூபாய்க்கு விற்க வேண்டும். புதுக்கடைக்கு அந்த விற்பனை வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவு கல்லாவிலிருந்துதான் போகும். கல்லாவில் இருப்பது லாபம் மட்டுமல்ல, அடுத்த சரக்குக்கான முதலும்தான். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க நகையை அடகு வைக்கும் நிலை வந்தால், முதல் கரைகிறது என்று பொருள்.

அவரே கைத்தொழிலில் இறங்கினால்? கருவிகளுக்கும் பைக்குக்கும் 1.5 லட்சம் போதும். உதவியாள், பெட்ரோல், போன் 20,000, வீட்டுக்கு 20,000. ஒரு சர்வீசில் செலவு போக 550 ரூபாய் நின்றால், மாதம் 73 ஏசி, அதாவது நாளுக்கு மூன்று. கோடையில் இது முடியும். ஐப்பசி மழை தொடங்கினால் அழைப்பு குறையும். அதனால் ஆறு மாத வீட்டுச் செலவான 1,20,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைக்க வேண்டும். இந்த வழியில் தொழில் படுத்தாலும் ஐந்து லட்சத்துக்கு மேல் கையில் மிஞ்சும்.

மச்சானுடனோ நண்பருடனோ கூட்டுச் சேர்ந்தால், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முளாரபாவில் லாபத்தைப் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று விகிதமாகப் பேச வேண்டும். "மாதம் இவ்வளவு" என்று தொகை பேசக் கூடாது. உழைப்பவரின் கவனக்குறைவின்றி நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவருக்கே. உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். இதை முதலிலேயே எழுதிவிட்டால், வியாபாரம் முறிந்தாலும் உறவு முறியாது, இன்ஷா அல்லாஹ்.