சட்டைப்பை உரைத்த இரகசியம்

‘பகலிலே பக்கம் பார்த்துப் பேசு, இரவிலே அதுவும் பேசாதே’ என்றனர் நம் முன்னோர். அருகில் நிற்பவர் யார் என்பதே அவர்களுடைய கவலை. தன் சட்டைப்பையே ஒருவனைக் காட்டிக்கொடுக்கும் காலம் வரும் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

அமெரிக்காவின் சின்சினாற்றி நகருக்குரிய விமான நிலையம் கென்ரக்கி மாநிலத்தில் அமைந்துள்ளது. அதனை நிருவகிக்கும் சபையின் தலைவர் 2013 ஒக்டோபரில் அலுவலக நிமித்தம் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் தங்கியிருந்தார். அங்கிருந்து விமான நிலையத் தலைமை நிருவாகியின் செயலாளருக்குத் தம் கைத்தொலைபேசியிற் பேச முயன்றார், இணைப்புக் கிட்டவில்லை. உடனிருந்த உபதலைவர் தமது தொலைபேசியில் அச்செயலாளரை அழைத்துப் பேச, தலைவர் தம் கருவியை மேலங்கியின் மார்புப் பையில் இட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் அக்கருவி, எவர் ஏவலுமின்றி, அதே செயலாளரின் மேசைத் தொலைபேசியை அழைத்துவிட்டது.

செயலாளர் பலமுறை குரல் கொடுத்தும் மறுமொழி இல்லை. ஆனால் விடுதி மேன்மாடத்திலே தலைவரும் உபதலைவரும் உரையாடுவது கேட்டது. தலைமை நிருவாகியை நீக்கி வேறொருவரை அமர்த்துவதே பேச்சு. தம் மேலாளருக்கு அநீதி நிகழப்போகின்றது எனக் கருதிய செயலாளர் இணைப்பைத் துண்டிக்கவில்லை, குறிப்பெழுதலானார். பின்னர் தலைவர் விடுதி அறைக்குச் சென்று தம் மனைவியோடு பேசியதும் அவர் செவிக்கு எட்டியது. 91 நிமிடங்கள் சென்றன. இறுதியில் ஒரு பகுதி ஒலிப்பதிவும் செய்யப்பட்டது. குறிப்புகளும் பதிவும் சபையின் ஏனைய உறுப்பினர் கைக்குச் சென்றன.

அத்தனை பேர் இருக்க, அவ்வழைப்பு அந்தச் செயலாளரையே சென்றடைந்தது ஏன்? இதிலேதான் விடயத்தின் சூட்சுமம் உள்ளது. பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாய் அழுத்தியே பேசவேண்டும் என்றால், சட்டைப்பைத் துணி தற்செயலாய் ஒரு குறித்த எண்ணை அமைப்பதற்கு ஆயிரம் கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு. குறுக்குவழிப் பொத்தான் இந்தக் காவலை அகற்றிவிட்டது. பழைய பொத்தான் தொலைபேசிகளில் ஓர் இலக்கத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், அதற்கெனப் பதிந்துவைத்த எண் அழைக்கப்படும். பச்சைப் பொத்தானை இருமுறை அழுத்தினால் கடைசியாகப் பேசிய எண் வரும். தொடுதிரையிலோ, அண்மைய அழைப்புப் பட்டியலில் ஒரு பெயர்மீது விரல் பட்டாற் போதும். திரை பூட்டப்படாதிருந்தால், மெல்லிய துணியின் ஊடாக உடலின் ஈரப்பதமும் விரலாகிவிடக்கூடும்.

குறுக்குவழிகள் யாவும் நாம் அடிக்கடி பேசுவோரையும் சற்றுமுன் பேசியவரையுமே முன்னிறுத்துவன. நாம் மறைவாகப் பேசுவதும் பெரும்பாலும் அவர்களைப் பற்றியே அன்றோ! ஆகவேதான் தவறிய அழைப்பு அந்நியனிடம் செல்வது அரிது; எவர் கேட்கலாகாதோ அவரிடமே செல்கின்றது. தலைவர் சற்றுமுன் அழைக்க முயன்றதும் அச்செயலாளரையே என்பது கவனிக்கத்தக்கது.

தலைவரும் மனைவியும் வழக்குத் தொடுத்தனர். 2015 ஜூலையில் ஆறாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் நீதியரசர் டானி பொக்ஸ் தீர்ப்பெழுதினார். திரைச்சீலை இடாத சாளரத்தருகே நிற்பவன், வெளியிலிருந்து பிறர் பார்த்தனர் என்று முறையிட இயலாது; அதுபோல, கருவியைப் பூட்டிவைக்கும் எளிய வழிகள் இருந்தும் பூட்டாதவர், தம் பேச்சு மறைவானது என உரிமை கோர முடியாது என்றார். தலைவரின் வழக்கு வீழ்ந்தது. மனைவியின் நிலை வேறு. அழைத்தது அவருடைய கருவியன்று. தம் அறையில் தம் கணவரோடு பேசியவர் அவர். கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒருவரோடு பேசிய அளவில் ஒருவர் தம் அந்தரங்கத்தை இழப்பதில்லை எனக் கூறி, அவரது கோரிக்கையை மட்டும் மீண்டும் விசாரிக்கக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பினர்.

கடவுச்சொல்லிட்ட பூட்டு பெரும்பாலான தவறுகளைத் தடுக்கும். எனினும் திரை தானே அணையும்வரை காத்திராது, பையில் இடுமுன் பக்கப் பொத்தானை அழுத்தி அணைத்தல் வேண்டும். பூட்டையும் கடந்து செல்லும் குறுக்குவழிகளும் உள. சில கம்பியில்லாச் செவிப்பொறிகளின் பொத்தானை இருமுறை அழுத்தினால், கடைசியாக அழைத்த எண்ணுக்கு மீண்டும் அழைப்புச் செல்லும். சில கருவிகளில் பக்கப் பொத்தானை ஐந்துமுறை விரைந்து அழுத்தினால் அவசர சேவை அழைக்கப்படும். இவ்வசதியை அமைப்புப் பகுதியில் நிறுத்திவைக்கலாம். நாம் அறியாது அழைப்புச் சென்றதா என்பதை, வெளிச்சென்ற அழைப்புகளின் பட்டியலும் அதில் உள்ள கால அளவும் காட்டும்.

பூட்டுதல் கருவி உடையவர் கையில் உள்ளது. ஆனால் அந்த மனைவியைப் போல எதிரே அமர்ந்து பேசுபவருக்கு அப்பூட்டு எட்டாது. பிறர் நம்பிக் கூறும் சொல்லும் நம் சட்டைப்பையிலேயே இருக்கின்றது.