வசன வரியில் பேச்சா, எழுத்தா?

திரையில் ஒரு கல்லூரி மாணவி, "நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன்" என்கிறாள். கீழே ஓடும் வரி, "நாளை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்" என்கிறது. பொருள் ஒன்றுதான். ஆனால் காது ஒன்றைக் கேட்க, கண் வேறொன்றைப் படிக்கிறது. ஒலியும் எழுத்தும் சேர்ந்து வரும் காணொளியில் இந்த இடைவெளி பார்ப்பவரைத் தடுமாறச் செய்யும். இளம் பாத்திரங்கள் பாடநூல்போலப் பேசுவதாகவும் தோன்றும். எழுத்து வடிவம் பெரும்பாலும் நீளமானது என்பதால், படித்து முடிக்கும் முன்பே வரி மறைந்துவிடுவதும் உண்டு. எனவே உரையாடலுக்குப் பேச்சுத் தமிழே பொருந்தும்.

சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஏற்ற எழுத்துமுறை கிடையாது. மேலே உள்ள அதே வசனத்தைக் காதில் விழுந்தபடியே எழுதினால் "நாளைக்கி வரமாட்டேனு சொல்ட்டேன்" என்று ஆகிவிடும். இதை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். ஓடும் வரியில் அதற்கு நேரமில்லை. ஒலியை முழுதாகப் பிடிக்க முயல்வதைவிட, சொல்லின் தலைப்பகுதியைப் பழகிய எழுத்தில் வைத்து, விகுதியை மட்டும் பேச்சுக்கு மாற்றுவது நல்லது. "வந்தான்" என்பதன் கடைசி மெய் பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்தாலும், எழுத்தில் "வந்தான்" என்றே இருக்கலாம். "வருகிறார்கள்" மட்டும் "வர்றாங்க" ஆகட்டும். ண, ன வேறுபாட்டையும் விடக்கூடாது: "பண்ணு" என்பது செய்யச் சொல்வது, "பன்னு" என்றால் பேக்கரியில் விற்பது. ஒரு படத்தில் "இருக்கு" என்று தொடங்கினால் கடைசிவரை அதுவே வர வேண்டும். நடுவில் "இருக்குது" எனத் தாவினால், கேட்கும் பேச்சில் அந்த மாற்றம் இல்லாதபோது, கவனம் கதையை விட்டு எழுத்துக்குப் போகும்.

வட்டார வழக்கில் இன்னும் கவனம் தேவை. யாழ்ப்பாணப் பாத்திரம் "வாறன்" என்றால் அதைச் சென்னைக்காக "வர்றேன்" என்று திருத்துவது அந்தப் பாத்திரத்தையே மாற்றிவிடும்.

பேசுபவர் இல்லாத வரிகள் வேறு. தேதி, கட்டணம், மருந்தின் அளவு, விண்ணப்ப விவரம் ஆகியவற்றை எளிய எழுத்துத் தமிழில் தருவதே சரி. எல்லா ஊராரும் பள்ளியில் படித்த வடிவம் அது. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. பேச்சில் "வாங்க" என்பது வரவேற்பு. எழுத்தில் "டிக்கெட் வாங்க" என்றால் வாங்குவதற்கு. இரண்டு நடையும் கலந்தால் இப்படிப் பொருளே குழம்பும். "நீங்க உடனே விண்ணப்பிக்க வேண்டும்" என்ற வரியில் தலை பேச்சாகவும் வால் எழுத்தாகவும் இருப்பது உரக்கப் படித்தவுடன் தெரிந்துவிடும்.

வரி எழுதுபவர் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டியது ஒன்றே: இதை யாராவது பேசுகிறார்களா? பேசினால் பேச்சு நடை, இல்லாவிட்டால் எழுத்து நடை. ஒரே வாக்கியத்துக்குள் மட்டும் இரண்டையும் கலக்க வேண்டாம்.