கணக்கும் கடையும் – 14: ஊர் சுற்றித் திரும்பிய சேலை

பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் முறையை வணிகர்கள் இன்று சிஓடி என்று சுருக்கமாகக் குறிப்பிடுகின்றனர். அஞ்சல் துறையின் வி.பி.பி. முறையை அறிந்த தலைமுறைக்கு இது புதியதன்று. தபால்காரர் வாங்கிய பணத்தைக் கூரியர் பணியாளர் வாங்குகிறார் என்பதே முதன்மையான வேறுபாடு. வாங்குபவர் வீட்டில் இல்லாமலோ, முகவரி தெளிவாக இல்லாமலோ, கதவைத் திறந்தவர் வேண்டாம் என்று சொல்லியோ பார்சல் கைமாறாமல் போனால், கூரியர் நிறுவனம் வழக்கமாக இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு அதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும். இவ்வாறு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் பார்சலைத் தொழிலில் ஆர்டிஓ என்பர். வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. முன்பணம் கொடுத்து வாங்கியவர் பொருளைப் பார்த்துப் பிடிக்காமல் திருப்பி அனுப்புவது வேறு வகை. ஆர்டிஓவில் வாங்குபவர் பொருளைப் பார்க்கவும் இல்லை, பணம் கொடுக்கவும் இல்லை.

பணமே வராததால் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் எதுவுமில்லை என்ற எண்ணத்தில் சிறு விற்பனையாளர்கள் பலர் அந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றனர். இதனால் இரண்டு பிழைகள் சேர்ந்து நேர்கின்றன. கூரியருக்குக் கொடுத்த பணம் எந்த ஆர்டருக்கும் உரியதாக இல்லாமல் மாதக் கடைசியில் பொதுச் செலவில் கரைந்துபோகிறது. இன்னும் வந்து சேராத பொருள் கையில் இருப்பதாக இருப்புக் கணக்கு காட்டத் தொடங்குகிறது. ஆகவே திரும்பிய ஆர்டரை அழிக்காமல் திறந்தே வைத்து, அதன் பெயரிலேயே நட்டத்தையும், பொருள் மீண்டும் இருப்பில் சேர்ந்ததையும் இரு தனி நிகழ்வுகளாக எழுத வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள, சிஓடி ஆர்டர் எப்போது விற்பனையாகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பொருளின் மீதான உரிமையும் பொறுப்பும் வாங்குபவருக்கு மாறும்போதுதான் வருவாய் பிறக்கிறது என்பது கணக்கியலின் அடிப்படை. சிஓடியில் அந்த மாற்றம் நிகழ்வது பணம் கொடுத்துப் பார்சலைப் பெற்றுக்கொள்ளும் வாசலில்தான். அதுவரை அந்தப் பொருள் விற்பனையாளருடையதே. அது அலமாரியில் இல்லாமல் லாரியில் இருக்கிறது, அவ்வளவே. எனவே பார்சல் புறப்படும் நாளில் பொருளின் அடக்கவிலையைக் கையிருப்பிலிருந்து ‘வழியில் உள்ள சரக்கு’ என்ற தலைப்புக்கு மாற்றி எழுதுவது பொருத்தமாகும். பொருள் சேர்ந்துவிட்டால் அது விற்ற பொருளின் அடக்கமாகும். திரும்பினால் மீண்டும் கையிருப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலிருந்து சேலை விற்கும், ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஒரு சிறு கடை, 2417 என்ற எண்ணுள்ள ஆர்டரைத் திருநெல்வேலிக்கு அனுப்புவதாகக் கொள்ளலாம். சேலையின் விலை 1,000 ரூபாய், 5 விழுக்காடு வரி 50 ரூபாய், ஆக வாசலில் பெற வேண்டிய தொகை 1,050 ரூபாய். வரி நீங்கலாகச் சேலையின் அடக்கம் 620, உறையும் அட்டையும் 15, போகும் கூரியர் கட்டணம் 60, பணம் வசூலித்துத் தருவதற்கான சிஓடி கட்டணம் 35 ரூபாய். பார்சல் சேர்ந்திருந்தால் கடைக்கு 270 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஆனால் மூன்று முயற்சிகளுக்குப் பிறகு பார்சல் இளம்பிள்ளைக்கே திரும்பி வருகிறது.

இப்போது 2417-இன் பெயரில் எழுத வேண்டிய நட்டம் இவ்வாறு அமையும்:

- போன கூரியர் கட்டணம்: 60 ரூபாய்
- திரும்பிய கூரியர் கட்டணம்: 60 ரூபாய்
- வீணான உறையும் அட்டையும்: 15 ரூபாய்
- மறுபடி இஸ்திரி போட்டு, மடித்து, புது உறையிட்ட செலவு: 12 ரூபாய்
- மொத்தம்: 147 ரூபாய்

சிஓடி கட்டணமான 35 ரூபாய் இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் உண்டு. பணம் வசூலாகாத பார்சலுக்கு அந்தக் கட்டணத்தைக் கூரியர் சேவைகள் பல திரும்ப வரவு வைத்துவிடுகின்றன. எனினும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும் என்பதால், வரவு உண்மையில் விழுந்ததா என்பதைக் கூரியர் பில்லில் பார்சலின் ஏடபிள்யூபி எண்ணை, அதாவது உறையில் ஒட்டிய கண்காணிப்பு எண்ணை வைத்துச் சரிபார்த்த பிறகே விட்டுவிட வேண்டும். அதே வரியில் எடையையும் பார்த்துவிடுவது நல்லது. போகும்போது அரை கிலோவாகக் கணக்கிடப்பட்ட அதே பார்சல், திரும்பும்போது ஒரு கிலோவாகக் கணக்கிடப்பட்டு இரு மடங்கு கட்டணத்துடன் பில்லில் ஏறுவது உண்டு. மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கூரியர் கட்டணத்தின் மீதான 18 விழுக்காடு வரியை இந்தக் கடை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் அது நட்டத்தில் சேரவில்லை. பதிவு பெறாத கடைக்கு அதுவும் நட்டமே.

இந்த 147 ரூபாயைச் சேலையின் அடக்கத்தில் ஏற்றி, இனி அதன் அடக்கம் 767 ரூபாய் என்று எழுதும் வழக்கமும் சில கடைகளில் உண்டு. செலவு எங்கும் போய்விடவில்லை, அடுத்த விற்பனையில் திரும்பி வந்துவிடும் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. ஆனால் சரக்கிருப்பை மதிப்பிடும் கணக்கு நெறிகள் விற்பனைச் செலவையும் விநியோகச் செலவையும் பொருளின் அடக்கத்தில் சேர்க்க இடம் தருவதில்லை. திருநெல்வேலி வரை போய்த் திரும்பியதால் ஒரு சேலையின் மதிப்பு கூடிவிடுவதில்லை. சேலை 620 ரூபாய்க்கே இருப்பில் சேர வேண்டும். 147 ரூபாய் அந்த மாதத்தின் நட்டமாக நிற்க வேண்டும்.

இனி இருப்பில் சேர்ப்பது. எந்த நாளில் சேர்ப்பது என்பதே இதில் சிக்கலான கேள்வி. இணையக் கடைகளில் பரவலாகப் புழங்கும் வூகாமர்ஸ் மென்பொருளில் இருப்பு நிர்வாகத்தை இயக்கி வைத்திருந்தால், ஆர்டரின் நிலையை `Cancelled` என்று மாற்றிய அந்த நொடியிலேயே இருப்பு எண்ணிக்கை தானாகக் கூடிவிடும். வாங்குபவர் மறுத்துவிட்டார் என்ற தகவல் வந்ததும் விற்பனையாளர் நிலையை மாற்றுகிறார் என்றால், சேலை இன்னும் திருநெல்வேலிக் கிடங்கில் கிடக்கும்போதே கடையின் பக்கத்தில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. அந்த நிறத்தில் அது ஒரே சேலையாக இருந்தால், அதை வாங்கும் அடுத்தவருக்கு அனுப்பக் கையில் பொருள் இருக்காது. ஒரு ரத்தால் இன்னொரு ரத்து பிறக்கும்.

ஆகவே கூரியரின் திரையில் `RTO Initiated` என்று வருவது இருப்பில் சேர்ப்பதற்கான அறிகுறி அன்று; `RTO Delivered` என்று வருவதும் முழுச் சான்றாகாது, ஏனெனில் அந்த நிலை பதிவாகியும் பார்சல் கடைக்கு வராதிருப்பதுண்டு. பார்சல் கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, இன்ன நிலையில் உள்ளது என்று ஒருவர் எழுதிய நாளே அது இருப்பில் சேரும் நாள். பிரிக்கும்போது, முகவரிச் சீட்டும் ஒட்டு நாடாவும் தெரியத் தொடங்கி உள்ளே இருக்கும் பொருள் வரை இடைவெட்டின்றி ஒரு வீடியோ எடுத்து வைத்தால், பொருள் மாறியிருந்தாலோ குறைந்திருந்தாலோ கூரியரிடம் இழப்பீடு கேட்க அது ஆதாரமாகும். இத்தகைய முறையீட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் மிகக் குறுகியது என்பதால், திரும்பிய பார்சல்களை மூலையில் அடுக்கி மாதக் கடைசியில் பிரிக்கும் பழக்கம் அந்த உரிமையையே இழக்கச் செய்துவிடும்.

பிரித்துப் பார்த்ததன் முடிவு மூன்று வகையாக அமையலாம். சேலை போனபடியே இருந்தால் 620 ரூபாய்க்கு இருப்பில் சேரும். உறை கிழிந்து ஓரத்தில் கறை பட்டு, விற்கும் செலவு போக 500 ரூபாய்தான் தேறும் என்றால், இருப்பில் 500 ரூபாயாக எழுதி, மீதி 120 ரூபாயை அதே 2417-இன் நட்டத்தில் சேர்க்க வேண்டும். அப்போது நட்டம் 267 ரூபாயாகி, ஒரு நல்ல ஆர்டரின் லாபத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. சேலை விற்கவே லாயக்கற்றுப்போனாலோ தொலைந்தேபோனாலோ, அடக்கம் முழுவதும் நட்டமாவதோடு, அதை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரி வரவையும், இங்கே 31 ரூபாயை, திருப்ப வேண்டியிருக்கும். தொலைந்த, அழிந்த, கணக்கிலிருந்து நீக்கிய பொருள்களுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)ஆம் பிரிவு அந்த வரவை அனுமதிப்பதில்லை.

விற்பனை வரியின் பக்கம் ஒரு முரண் எழுகிறது. வருவாய் வாசலில்தான் பிறக்கிறது என்றாலும், அனுப்பி விற்கும் பொருளுக்குச் சரக்கு கிளம்பும்போதே பில் போட்டாக வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. எனவே 1,050 ரூபாய்க்கான பில் ஏற்கெனவே இருக்கிறது. பில் எண்கள் தொடர்வரிசையில் இருக்க வேண்டியவை என்பதால் அதை அழித்துவிடவும் முடியாது. அந்தப் பில்லைக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட், அதாவது விற்பனையைக் குறைத்துக் காட்டும் வரவுச் சீட்டு எழுதி, 50 ரூபாய் வரிப் பொறுப்பை நீக்கிக்கொள்வதே நடைமுறை. இதை அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டிவிட வேண்டும். மார்ச்சில் அனுப்பி ஏப்ரலில் திரும்பும் பார்சல்களில்தான் இது தவறிப்போகிறது. சீட்டு எழுதாத கடை, நடக்காத விற்பனைக்கு வரி கட்டிவிடுகிறது.

இத்தனையையும் ஆர்டரின் பெயரிலேயே எழுதுவதன் பயன் பத்து ஆர்டர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது புலப்படும். பத்தில் மூன்று திரும்பியதாகக் கொண்டால், சேர்ந்த ஏழும் தந்த லாபம் 1,890 ரூபாய், திரும்பிய மூன்றின் நட்டம் 441 ரூபாய், மிஞ்சுவது 1,449. அதாவது சேர்ந்த ஒவ்வோர் ஆர்டரும் உண்மையில் தந்தது 270 அன்று, 207 ரூபாயே. திரும்பியவற்றை ரத்து செய்து மறைத்த கடை 270 என்றே நம்பி, அதை வைத்தே தள்ளுபடியையும் விளம்பரச் செலவையும் முடிவு செய்யும். நட்டத்தோடு திரும்பிய காரணத்தையும் எழுதி வைத்தால் அடுத்த படி கிடைக்கும்: முகவரிக் குறையால் திரும்பியவை அனுப்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பால் குறையக்கூடியவை, வாசலில் மறுக்கப்பட்டவை அப்படிக் குறையாதவை.

இந்தப் பதிவுகள் முழுமையாக உள்ளனவா என்பதை அறிய ஒரு சோதனை போதும். அனுப்பிய பார்சல்களின் எண்ணிக்கை, சேர்ந்தவை, திரும்பிக் கைக்கு வந்தவை, தொலைந்ததாக ஏற்கப்பட்டவை, இன்னும் வழியில் உள்ளவை ஆகிய நான்கின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். வழியில் உள்ளதாகச் சொல்லப்படும் பார்சல் ஒன்று ஒரு மாதத்துக்கும் மேலாக அங்கேயே நின்றால், அந்தச் சேலை வழியில் இல்லை. கூரியரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய நிலுவை அது.

சேர்ந்த ஆர்டர்களின் பணத்தைக் கூரியர் நிறுவனம் எப்போது, எவற்றைக் கழித்துக்கொண்டு அனுப்புகிறது என்பது அடுத்த இதழில்.