‘பார்சல் வரவில்லை’ என்று வங்கிக்குப் புகார் போனால்...

இணையத்தில் பொருள் விற்கும் கடைக்காரருக்கு ஒரு நாள் இப்படி ஒரு மின்னஞ்சல் வரும். மூன்று மாதம் முன்பு விற்ற சரக்குக்கான பணத்தை வாடிக்கையாளர் திரும்பக் கேட்கிறார், அந்தத் தொகை உங்கள் கணக்கில் பிடித்தம் செய்யப்பட்டுவிட்டது, மறுப்பு இருந்தால் ஏழு நாளுக்குள் ஆதாரத்தோடு பதில் அனுப்பவும். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள்.

வாடிக்கையாளர் கடையிடம் வராமல், தனக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம் நேராகப் புகார் செய்கிறார். புகார் அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனத்தின் வழியாகக் கடைக்காரரின் வங்கிக்கும், அதன்பின் பேமென்ட் கேட்வேக்கும் போய், கடைசியில்தான் கடைக்காரரை எட்டும். பணம் அதற்குள் கையை விட்டுப் போயிருக்கும். கடைக்காரர் பேச வேண்டியது வாடிக்கையாளரிடம் அல்ல. எங்கோ ஒரு வங்கியில் புகார்க் கோப்புகளைப் பார்க்கும் ஊழியரிடம். அவர் கடையைப் பார்த்ததில்லை, போன் செய்து விசாரிக்கவும் மாட்டார். கையில் வரும் காகிதம் மட்டுமே அவருக்குத் தெரியும்.

அந்தக் காகிதத்தை எப்படிச் சேர்ப்பது? விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கடை இணையத்தில் சேலை விற்கிறது. மார்ச் 3 அன்று பெங்களூரிலிருந்து மூன்று சில்க் காட்டன் சேலைகளுக்கு ஆர்டர் வருகிறது. தொகை 8,640 ரூபாய், கார்டில் கட்டியது. ஆர்டர் போட்டவர் மனைவி, கார்டு கணவருடையது. முகவரி வீட்டு முகவரி. மறுநாள் அந்த அம்மா வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: “அக்கா, பகல்ல வீட்ல யாரும் இருக்க மாட்டோம். என் ஆபீஸ் அட்ரஸுக்கு அனுப்பிடுங்க.” மார்ச் 5 அன்று கூரியர் எடுத்துப் போகிறது. மார்ச் 8 அன்று அலுவலக வரவேற்பில் பார்சல் கொடுக்கப்படுகிறது. ஜூன் 2 அன்று சார்ஜ்பேக் வருகிறது. காரணம்: பொருள் கிடைக்கவில்லை.

இங்கே யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த கணவருக்கு வீட்டுக்கு எந்தப் பார்சலும் வராதது மட்டும் தெரிந்திருக்கலாம். ஆனாலும் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது புகாரின் காரணக் குறியீடு. விசாவில் 13.1 என்றால் பொருள் கிடைக்கவில்லை. 13.3 என்றால் சொன்னபடி இல்லை, அல்லது பழுது. 10.4 என்றால் இந்த வாங்கலை நான் செய்யவே இல்லை, கார்டை யாரோ பயன்படுத்திவிட்டார்கள். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. சேலை சாயம் போகிறது என்று வந்த புகாருக்கு, பார்சல் போய்ச் சேர்ந்ததற்கான கையெழுத்தை அனுப்பிப் பயனில்லை. அதை அவர் மறுக்கவே இல்லை. ‘நான் வாங்கவில்லை’ என்ற புகாருக்கு, பணம் கட்டும்போது ஓடிபி கொடுக்கப்பட்டது என்ற பதிவுதான் முதல் பதில். இந்தியக் கார்டுகளில் இணைய வாங்கலுக்கு இப்படி இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. வெளிநாட்டுக் கார்டுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் அனுப்பும் கடைகளுக்கு இந்தவகைப் புகார் கூடுதல் தலைவலி.

நம் கடைக்கு வந்திருப்பது 13.1. அப்படியென்றால் வங்கி ஊழியர் தேடுவது ஒன்றே ஒன்று: ஒப்புக்கொண்ட இடத்துக்கு, ஒப்புக்கொண்ட நாளுக்குள், கார்டுக்காரரிடமோ அவர் சார்பில் வாங்கக்கூடியவரிடமோ பொருள் போய்ச் சேர்ந்ததா?

கடைக்காரர் முதலில் எடுப்பது கூரியரின் ட்ராக்கிங் பக்கத்தை. அதில் ‘டெலிவர்டு, பெங்களூரு, மார்ச் 8’ என்று இருக்கிறது. பலரும் இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்து தோற்கிறார்கள். பார்சல் பெங்களூரில் யாரிடமோ கொடுக்கப்பட்டது என்பதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை. எந்தக் கதவு, எந்தக் கை என்பது அதில் இல்லை. அதற்குத்தான் பிஓடி வேண்டும். டெலிவரி செய்யும் ஆள் வாங்கும் கையெழுத்து, வாங்கியவர் பெயர், நேரம், முழு முகவரி எல்லாம் இருக்கிற ரசீது அது. கேட்டால் கூரியர் அலுவலகம் அதன் நகலைத் தரும். டெலிவரியின்போது வாடிக்கையாளரின் மொபைலுக்கு ஓடிபி அனுப்பும் கூரியராக இருந்தால், அந்தப் பதிவு கையெழுத்தைவிட வலுவானது.

நம் கடைக்குக் கிடைத்த பிஓடியில் ‘ரிசப்ஷன்’ என்று எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து. முகவரி அலுவலகத்துடையது. சிக்கல் இங்கேதான். ஆர்டரில் இருப்பது வீட்டு முகவரி, பார்சல் போனது வேறு இடம். இதை அப்படியே அனுப்பினால், தவறான இடத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரின் ஆதாரமே அவருக்கு எதிராகப் பேசும்.

இந்த ஓட்டையை அடைப்பது மார்ச் 4 வாட்ஸ்அப் செய்திதான். ஆனால் வெறும் உரையாடல் படம் போதாது. அனுப்பியவரின் எண் தெரிய வேண்டும்; தேதி தெரிய வேண்டும். பெயராகச் சேமித்து வைத்திருந்தால் மேலே ‘பெங்களூர் கஸ்டமர்’ என்றுதான் தெரியும். அதைப் பார்த்து யார் என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெயரைத் தொட்டால் எண்ணோடு ஒரு பக்கம் திறக்கும், அதையும் படமெடுக்க வேண்டும். பிறகு ஆர்டர் படிவத்தில் அதே மொபைல் எண் இருப்பதைப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஆர்டர் போட்டவரும் முகவரி மாற்றியவரும் ஒருவரே என்று அப்போதுதான் நிரூபணமாகும். பணம் கட்டும்போது கார்டுக்காரரின் ஓடிபி கொடுக்கப்பட்டதற்கான பதிவு கேட்வேயிடம் இருக்கும். அதையும் சேர்த்தால், அந்த ஆர்டர் கணவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்வது கடினமாகிவிடும்.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஒரு செய்தி அதே உரையாடலில் கொஞ்சம் கீழே இருக்கிறது. மார்ச் 10 அன்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்: “மாம்பழக் கலர் சேலையில பார்டர் போட்டோல பார்த்ததைவிட அகலமா நல்லா இருக்குக்கா. அதே மாதிரி பச்சையில இருக்கா?” சேலையைக் கையில் வைத்திருப்பவர்தான் இதை எழுத முடியும். டெலிவரிக்குப் பிறகு வருகிற இப்படிப்பட்ட கேள்விகளை, அது பாராட்டோ குறையோ, அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். “வந்துச்சா அக்கா?” என்று கடைக்காரர் கேட்டு, வாடிக்கையாளர் ஒரு “வந்துச்சு” போட்டிருந்தால் அதுவே பாதி வழக்கை முடித்துவிடும்.

தமிழில் நடந்த உரையாடலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியும் என்பது நிச்சயமில்லை. வரிக்கு வரி, கூட்டாமல் குறைக்காமல் கீழேயே எழுதிவிடலாம். குரல் செய்தி இருந்தால் அதை எழுத்தில் தர வேண்டும். ஆடியோவை யாரும் கேட்க மாட்டார்கள். இணைப்பு முகவரி கொடுத்து ‘இங்கே பார்க்கவும்’ என்றாலும் யாரும் திறக்க மாட்டார்கள். எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பில், சில பக்கங்களுக்குள் அடங்க வேண்டும்.

முதல் பக்கத்தில் கடிதம். பலர் இதில்தான் கோபத்தைக் கொட்டுகிறார்கள். நேர்மையான கடை, இருபது வருடத் தொழில், இப்படி ஏமாற்றலாமா என்றெல்லாம் போகும். அந்த வரிகளால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. நம் கடையின் கடிதம், ஆங்கிலத்தில், இந்தச் சாரத்தோடு இருந்தால் போதும்:

“புகார்: பொருள் கிடைக்கவில்லை. எங்கள் பதில்: பொருள் மார்ச் 8 அன்று, வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டுக்கொண்ட முகவரியில் ஒப்படைக்கப்பட்டது. மார்ச் 3: ஆர்டர், ஓடிபி சரிபார்ப்பு, இன்வாய்ஸ் (பக்கம் 2). மார்ச் 4: ஆர்டரில் உள்ள அதே எண்ணிலிருந்து முகவரி மாற்றக் கோரிக்கை (பக்கம் 3). மார்ச் 5: கூரியரிடம் ஒப்படைப்பு, எடை 1.7 கிலோ (பக்கம் 4). மார்ச் 8: கையெழுத்துடன் டெலிவரி (பக்கம் 5). மார்ச் 10: கிடைத்த சேலையின் பார்டரைப் பற்றி வாடிக்கையாளர் எழுதிய செய்தி (பக்கம் 6). எனவே தொகையைத் திரும்ப வரவு வைக்கக் கோருகிறோம்.”

எடையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பெட்டி காலியாக வந்தது என்று பேச்சு மாறினால், கூரியர் அலுவலகத்தில் எடைபோட்ட சீட்டு கடைக்காரருக்குத் துணை நிற்கும்.

எல்லாப் புகாரையும் எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. பார்சல் உண்மையிலேயே வழியில் தொலைந்திருந்தால், பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கூரியரிடம் இழப்பீடு கேட்பதே முறை. சார்ஜ்பேக் வந்தபின் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தக் கடையிலிருந்து தனியாகப் பணம் திருப்பி அனுப்பக் கூடாது. வங்கி ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று இரண்டு தடவை போய்விடும். புகாருக்கு முன்பே பணம் திருப்பியிருந்தால், அந்தப் பரிவர்த்தனையின் 23 இலக்க ஏஆர்என் எண்ணைக் கொடுத்தால் வங்கியே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஜெயித்தாலும் உடனே கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். வாடிக்கையாளரின் வங்கி ஒப்புக்கொள்ளாமல் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கடைசியில் கார்டு நிறுவனமே தீர்ப்புச் சொல்லும். அங்கே தோற்பவர் தலையில் விழும் கட்டணம் மூன்று சேலையின் விலையைத் தாண்டிவிடும். அதனால் சின்னத் தொகைகளுக்கு முதல் பதிலிலேயே எல்லா ஆதாரத்தையும் வைத்துவிட வேண்டும்; பிறகு பார்க்கலாம் என்று எதையும் கையில் நிறுத்தி வைப்பதில் லாபம் இல்லை.

பொருள் வரவேண்டிய நாளிலிருந்து 120 நாள்வரை இந்தப் புகாரைச் செய்யக் கார்டு விதிகள் இடம் தருகின்றன. கூரியரின் ட்ராக்கிங் பக்கம் அத்தனை நாள் இருக்கும் என்று நம்ப முடியாது. போனை மாற்றினால் வாட்ஸ்அப் உரையாடலும் போய்விடக்கூடும். ஆகவே இணையத்தில் விற்கிறவர்கள் டெலிவரி ஆன அன்றே ட்ராக்கிங் பக்கத்தையும் பிஓடியையும் ஆர்டர் எண் போட்ட ஒரு கோப்புறையில் சேமித்துவிடுங்கள். முகவரி மாற்றம் எதுவானாலும் போனில் கேட்டு முடிக்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு நாள் கெடுவோடு வருகிற மின்னஞ்சலுக்கு அரை நாளில் பதில் அனுப்ப அது போதும்.