வினாத்தாளுக்கு மூன்று கைகள்

பருவத் தேர்வு நெருங்கும்போது ஒருங்கிணைக்கும் ஆசிரியர் சக ஆசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். ஒவ்வொரு பாடத்துக்கும் வினாத்தாள் தயாரிப்பவர், சரிபார்ப்பவர், அச்சுக்குப் பொறுப்பானவர் என மூன்று பெயர்களும் மூன்று கெடு நாட்களும் அதில் இருக்கும். தயாரித்தவரே சரிபார்க்கக் கூடாது; தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்புக் கணக்குத் தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 50 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 10, இரண்டு மதிப்பெண் வினாக்களில் 'எவையேனும் 6', ஐந்து மதிப்பெண் வினா 4, வரைபடத்துக்கு 10. படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். கூட்டினால் 52 வரும். '6' என்பது '5' ஆக வேண்டும். அதனால் சரிபார்ப்பவர் தாளை வாசித்தால் போதாது, பேனா எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். விடை வராத கணக்கும் அப்போதுதான் பிடிபடும்.

திருத்திய பிரதி மட்டுமே அச்சுக்குப் போக வேண்டும். 84 மாணவர்கள் என்றால் 90 பிரதி எடுத்து, எண்ணி, உறையிட்டு முத்திரை வைப்பார்கள். பொதுக் குழுவுக்குப் போகும் அந்த மின்னஞ்சலில் வினாத்தாளை மட்டும் இணைப்பதில்லை. ஆசிரியர்களின் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிக்கலாம் அல்லவா?