இரண்டு வருஷம் வேலைக்குப் போகக் கூடாதா?

கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் மாடி வீட்டுப் பெண் போன மாதம் ஒரு வக்கீல் நோட்டீஸோடு படியிறங்கி வந்தாள். சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதே தொழிலில் இருக்கும் இன்னொரு கம்பெனிக்கு மாறியிருக்கிறாள். “வேலையை விட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம், இந்தியாவில் எங்கேயும் போட்டி நிறுவனத்தில் சேர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்; மீறியதற்கு ஐந்து லட்சம் கட்டவும்” என்றது நோட்டீஸ். “கையெழுத்து என்னுதுதான் மாமா” என்றாள், தப்பை ஒத்துக்கொள்கிற குரலில்.

கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவரைச் சட்டப்படியான தொழிலோ வியாபாரமோ செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கடையை அதன் நற்பெயரோடு விற்றவர் பக்கத்தில் அதே கடை போடக் கூடாது என்பது போன்ற விதிவிலக்குதான் அதில் உண்டு. இங்கிலாந்தில் தடை நியாயமானதா என்று பார்ப்பார்கள். வேலையை விட்ட பிறகான தடைக்கு நம் ஊரில் அந்தக் கேள்வியே எழாது. இதற்கு வழிகாட்டிய பழைய தீர்ப்பும் கல்கத்தாவில் பிறந்ததுதான். ஒரே வட்டாரத்தில் கடை வைத்திருந்த இருவரில் ஒருவர், மற்றவர் கடையை மூடினால் 900 ரூபாய் தருவதாகச் சொன்னார். அவரும் மூடினார், பணம் வரவில்லை. 1874-இல் உயர் நீதிமன்றம் ஒப்பந்தமே செல்லாது என்றுவிட்டது. கடையை மூடியவர்தான் பாவம்.

ஊழியர் விஷயத்துக்கு நெருக்கமான வழக்கு 1980-இல் உச்ச நீதிமன்றம் போனது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி, சரக்கின் தரத்தையும் எடையையும் சோதித்துச் சொல்லும் நிறுவனம். அதன் டெல்லிக் கிளை மேலாளர் கிருஷண் முர்காய். கம்பெனியை ‘விட்டுப் போன’ பிறகு இரண்டு வருஷம், கடைசியாக வேலை பார்த்த ஊரில் அதே தொழில் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. 1979 மார்ச்சில் கம்பெனியே அவரை நீக்கியது. அவர் டெல்லியிலேயே சொந்தமாக அதே தொழிலைத் தொடங்கினார். கம்பெனி தடை கேட்டுத் தோற்றது. ஆனால் மூன்று நீதிபதிகளில் ஏ.பி. சென் ஒருவர்தான் 27-ஆம் பிரிவை வைத்து நிபந்தனை செல்லாது என்று விரிவாக எழுதினார். மற்ற இருவர், ‘விட்டுப் போவது’ என்றால் தானாகப் போவது, நீக்கப்பட்டவருக்கு அது பொருந்தாது என்ற அளவில் முடித்துக்கொண்டார்கள். அதனால்தான் ஒப்பந்தத்தை வார்த்தை வார்த்தையாகப் படி என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

படித்ததில் பயப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை பொதுவாகச் செல்லும். 1967-இல் கோலிகரி வழக்கில், ஐந்து வருஷ ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்து டயர் நூல் தயாரிக்கும் இன்னொரு கம்பெனிக்குப் போனவரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே வேலையைச் செய்யவிடாமல் தடுத்தது உச்ச நீதிமன்றம். நோட்டீஸ் காலத்தில் உட்கார்ந்துகொண்டே புதுக் கம்பெனிக்கு வேலை செய்வதும் இந்த வகையில்தான் மாட்டும். குறைந்தபட்சப் பணிக்கால பாண்டும் வேறு கதை: மூன்று வருஷத்துக்கு முன் போனால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025-இல் தீர்ப்பு வந்தது.

வேலையை விட்ட பிறகும் உயிரோடு இருப்பது ரகசியக் காப்பு. தலைக்குள் இருக்கும் அனுபவமும் திறமையும் உங்களுடையது; வாடிக்கையாளர் பட்டியலும் விலைக் கணக்கும் கம்பெனியுடையது. “கிளம்பும்போது ஏதாவது எடுத்தாயா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “ஒரு எக்ஸெல் ஷீட்டை என் சொந்த மெயிலுக்கு அனுப்பினேன் மாமா, ஃபார்மேட்டுக்காக” என்றாள். அதில் எண்பது வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரோடு. வழக்கு வந்தால் அந்த ஒரு மெயில்தான் அவர்களுக்குப் பிடி. அவசரப்பட்டு அழித்தால் சாட்சியத்தை அழித்தாள் என்பார்கள். அதைத் தொடாமல், யாருக்கும் அனுப்பாமல், வக்கீலிடம் முதலில் இதையே சொல்லச் சொன்னேன்.

நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு அல்ல. அதற்காகப் புது வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் பதில் போடாமலும் இருக்கக் கூடாது. தடை செல்லாது, ரகசியத்தைப் பயன்படுத்தவில்லை என்று குறித்த கெடுவுக்குள் வக்கீல் மூலம் எழுத வேண்டும். ஐந்து லட்சமும் அந்தச் செல்லாத தடையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்பதுதான். நம்மைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், வழக்கு வரக்கூடிய நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் நிற்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100-ஐக் கூப்பிட்டுச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச உதவி கேட்கலாம். பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது.

மறுநாள் அவள் வேலை நியமனக் கடிதம், ராஜினாமா மெயில், ரிலீவிங் லெட்டர் மூன்றையும் நகலெடுத்து வக்கீலிடம் கொண்டுபோனாள். எக்ஸெல் ஷீட்டைப் பற்றி அவள் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.