புள்ளிக்கோட்டை எங்கே போடுவது?

பாய்ம இயக்கவியல் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வருகிறது. தீயணைப்பு ஹோஸின் முனையில் ஒரு நாசில் கப்ளிங்கால் இணைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வரும் இடத்தில் விட்டம் 60 மி.மீ., வெளியேறும் இடத்தில் 20 மி.மீ. விநாடிக்கு 8 லிட்டர் தண்ணீர் கிடைமட்டமாகக் காற்றில் பாய்கிறது. கப்ளிங் தாங்கவேண்டிய விசை எவ்வளவு?

விடை 724 நியூட்டன். கணக்கு நாலைந்து வரிதான். ஆனால் அந்த எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்தவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்காமல் போவதுண்டு. எண் தப்பிப்போனவருக்குப் பாதிக்கு மேல் கிடைப்பதும் உண்டு. திருத்துபவர் முதலில் தேடுவது மாணவர் எதைச் சுற்றி எல்லை போட்டார், அந்த எல்லையைக் கடந்து என்னென்ன வருகின்றன, போகின்றன என்பதை. கண்ட்ரோல் வால்யூம் என்பது அந்த எல்லைக்குள் இருக்கும் இடம்தான். தண்ணீரின் ஒவ்வொரு துளியையும் பின்தொடர்ந்து போவது ஆகாத காரியம். அதனால் ஓரிடத்தைச் சுற்றிக் கற்பனையாக ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்குள் நுழையும் நிறை, உந்தம், விசை எல்லாவற்றையும் வாசலிலேயே நின்று கணக்கெடுக்கிறோம்.

எனவே விடைத்தாளில் முதலில் வரவேண்டியது படம். அழகாக இருக்கவேண்டியதில்லை, ஆனால் அரைப்பக்கத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நாசிலை வரைந்து, அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போடுங்கள். கோடு நாசிலின் உலோகத்தையும் உள்ளடக்கி வெளிப்புறமாகச் சுற்றிவரட்டும். இடது பக்கத்தில் கப்ளிங்கின் ஊடாக வெட்டிக்கொண்டு போகட்டும். வலது பக்கத்தில் தண்ணீர் காற்றைத் தொடும் இடத்தில், பாய்ச்சலுக்குச் செங்குத்தாக முடியட்டும்.

ஏன் கப்ளிங்கை வெட்டவேண்டும்? கோடு எதை வெட்டுகிறதோ அதற்குள் இருக்கும் விசைதான் சமன்பாட்டில் வெளிவிசையாக வந்து நிற்கும். வெட்டாத பொருளுக்குள் இருக்கும் விசை கண்ணுக்கே தெரியாது. கேள்வி கப்ளிங்கைப் பற்றியது என்றால் கத்தி அங்கேதான் விழவேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரை மட்டும் சுற்றிக் கோடு போட்டவர்களும் விடைக்கு வந்துசேரலாம். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது நாசிலின் சுவர் தண்ணீரைத் தள்ளும் விசை. அதிலிருந்து கப்ளிங்குக்கு வர இன்னொரு படி வேண்டும், நாசிலின் வெளிப்புறத்தில் காற்று அழுத்துவதையும் அந்தப் படியில் சேர்க்கவேண்டும். பெரும்பாலோர் அதை எழுதுவதில்லை.

படத்திலேயே மற்றவற்றையும் குறித்துவிடுங்கள். பாய்ச்சலின் திசையில் x அச்சு. நுழைவாயிலுக்கு 1, வெளிவாயிலுக்கு 2. வெட்டிய இடத்தில் நுழைவாயிலை உள்நோக்கி அழுத்தும் p1A1. அதே இடத்தில் கப்ளிங் நாசிலின் மேல் செலுத்தும் தெரியாத விசை Rx. இதன் அம்புக்குறியை எப்போதும் x-இன் நேர்த்திசையிலேயே வரையுங்கள். உண்மைத் திசை எதுவென்று ஊகித்து வரையவேண்டாம், விடையின் குறியே அதைச் சொல்லிவிடும். கடைசியில் எதிர்மறை எண் வந்ததும் மேலே போய் அம்பை அழித்துத் திருப்பி வரைகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் படமும் சமன்பாடும் ஒன்றுக்கொன்று முரணாகிவிடும்.

அடுத்து அனுமானங்கள். நான் பார்த்த விடைத்தாள்களில் அதிகம் வீணாகும் பகுதி இதுதான். நிலையான ஓட்டம், அடர்த்தி மாறாத பாய்மம், உராய்வு இல்லை, ஒருபரிமாணம் என்று மந்திரம்போல ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் சரி, எந்த வரியில் பயன்படப்போகிறது என்று அரை வாக்கியம் எழுதினால்தான் அதற்கு மதிப்பு. ஓட்டம் நிலையானது, ஆகவே கண்ட்ரோல் வால்யூமுக்குள் உந்தம் சேர்வதுமில்லை, குறைவதுமில்லை. குறுக்குவெட்டு முழுவதும் வேகம் சீரானது என்று எடுக்கலாம், ஏனென்றால் நுழைவாயிலில் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 1,70,000. அந்த அளவு கொந்தளிப்பான ஓட்டத்தில் வேகம் குறுக்கே பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். நாசில் குட்டையானது, குறுகிக்கொண்டே போவது, ஆகவே உராய்வை விடலாம். இது பெர்னூலி சமன்பாட்டுக்கு மட்டும் தேவை. எடை செங்குத்தாகச் செயல்படுகிறது, x திசைக் கணக்கில் அதற்கு இடமில்லை.

இன்னொரு அனுமானம் தனி வரியாக வரவேண்டும்: அழுத்தம் எல்லாம் கேஜ் அழுத்தம். புள்ளிக்கோட்டைச் சுற்றிலும் வளிமண்டலம் ஒரே அளவில் அழுத்துகிறது. மூடிய பரப்பின் மேல் சீரான அழுத்தம் தரும் நிகர விசை சுழி. அதனால் எல்லா இடத்திலும் அதைக் கழித்துவிடலாம். கழித்த பிறகு மிஞ்சுவது நுழைவாயிலில் இருக்கும் மிகை அழுத்தம் மட்டும். வெளிவாயிலில் தண்ணீர் காற்றுக்குள் பாய்வதால் அங்கே கேஜ் அழுத்தம் சுழி.

இனிக் கணக்கு வேகமாக ஓடும். நிறை மாறாமையிலிருந்து இரண்டு வேகங்களும் கிடைக்கின்றன: V2 = 25.46 மீ/வி, V1 = 2.83 மீ/வி. விட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் ஒன்பது மடங்காகவேண்டும். ஆகியிருக்கிறது. பெர்னூலியிலிருந்து p1 = 320 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். பிறகு x திசையில் உந்தச் சமன்பாடு. எண்களைப் போடுவதற்கு முன் குறியீடுகளில் ஒருமுறை எழுதுங்கள்:

p1A1 + Rx = ṁ(V2 − V1)

இடப்பக்கம் வெளியிலிருந்து வரும் விசைகள், வலப்பக்கம் வெளியே போகும் உந்தத்துக்கும் உள்ளே வரும் உந்தத்துக்கும் உள்ள வித்தியாசம். p1A1 = 905 நியூட்டன். விநாடிக்கு 8 கிலோ தண்ணீரின் வேகம் 22.63 மீ/வி கூடுவதால் வலப்பக்கம் 181 நியூட்டன். எனவே Rx = 181 − 905 = −724 நியூட்டன்.

எதிர்மறை என்றால் கப்ளிங் நாசிலை இடப்பக்கமாக, ஹோஸை நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே விடையை “724 N” என்று மட்டும் எழுதிப் பெட்டி போட்டுவிடாதீர்கள். “கப்ளிங் நாசிலின் மேல் செலுத்தும் விசை 724 N, பாய்ச்சலுக்கு எதிர்த்திசையில், கப்ளிங் இழுவிசையில் இருக்கிறது” என்று எழுதுங்கள். யார் யார் மேல் செலுத்தும் விசை என்று சொல்லாவிட்டால் அது விடையே அல்ல.

இதற்குப் பின்தான் சரிபார்ப்பு. முதல் சோதனை பொது அறிவு. தண்ணீர் ஓடும்போது கப்ளிங்கைக் கழற்றினால் நாசில் எந்தப் பக்கம் போகும்? முன்னால் பாய்ந்து போகும். அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கத்தான் கப்ளிங், குறி சரி. p1A1-ஐ மறந்தவர்களுக்கு Rx = +181 என்று வரும். அதன்படி நாசில் ஹோஸின்மேல் சாய்ந்து அழுத்திக்கொண்டிருக்கவேண்டும். அப்படியானால் கப்ளிங்கே வேண்டாமே! இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே பிழை தானாக வெளிவந்துவிடும்.

இரண்டாவது சோதனை குறியீடுகளில். பெர்னூலியின் p1-ஐ உந்தச் சமன்பாட்டில் போட்டுச் சுருக்கினால் இப்படி ஆகும்:

Rx = −½ρA1(V2 − V1)²

இருமடி எப்போதும் நேர்மறை, ஆகவே குறுகும் நாசிலில் கப்ளிங் எப்போதும் இழுவிசையில்தான் இருக்கும். இரண்டு விட்டமும் சமமானால் விசை சுழி. நேரான குழாயில் உராய்வு இல்லாவிட்டால் அப்படித்தானே இருக்கவேண்டும். எண்களைப் போட்டாலும் அதே 724 வருகிறது. முழுமை அழுத்தத்தைப் போட்டவர்களுக்கு 1,011 நியூட்டன் வரும். வித்தியாசம் 286 நியூட்டன், சரியாக நுழைவாயிலின் மேல் ஒரு வளிமண்டலம்.

ஆனால் இந்தச் சோதனை எதைச் சரிபார்க்கிறது, எதைச் சரிபார்க்கவில்லை என்பதையும் புரிந்துகொள்ளவேண்டும். கூட்டல் கழித்தலையும் குறியையும் சரிபார்க்கிறது. அனுமானங்களைத் தொடவே இல்லை. அதற்கு வேறு கேள்வி வேண்டும்: உராய்வை விட்டது விடையை எந்தப் பக்கம் சாய்த்திருக்கும்? வெளிவாயிலில் உள்ள இயக்க ஆற்றலில் 5 சதவீதம் நாசிலுக்குள் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஓட்டத்தைத் தள்ள p1 சுமார் 16 கிலோபாஸ்கல் கூடவேண்டும், இழுவிசை 46 நியூட்டன் ஏறும். ஆகவே நம் விடை உண்மையைவிடக் குறைவு. கப்ளிங்கைத் தேர்வுசெய்கிற பொறியாளருக்கு அது ஆபத்தான பக்கம். இதை ஒரே வரியில் எழுதியிருக்கும் விடைத்தாளைப் பார்த்தால் எனக்குத் தனி மரியாதை.

இங்கே புத்திசாலி மாணவர் ஒரு கேள்வி கேட்பார். நாசில் முன்னால் போகத் துடிக்கிறது என்றால், தீயணைப்பு வீரரை ஹோஸ் பின்னால் தள்ளுகிறதே, அது எப்படி? கோட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நாசில், வீரர், அவருக்குப் பின்னால் தரையில் வளைந்து கிடக்கும் ஹோஸ் எல்லாவற்றையும் உள்ளடக்கி, பாய்ச்சலுக்குச் செங்குத்தாகத் தண்ணீர் வரும் இடத்தில் ஹோஸை வெட்டுங்கள். இப்போது நுழையும் தண்ணீருக்கு x திசையில் உந்தமும் இல்லை, அங்கே அழுத்தத்துக்கும் x திசையில் பங்கில்லை. வெளியேறும் உந்தம் 8 × 25.46, ஏறக்குறைய 204 நியூட்டன். அந்த அளவுக்கு வீரரின் காலும் தரையில் கிடக்கும் ஹோஸும் சேர்ந்து தரையிலிருந்து முன்னோக்கிய விசையைப் பெறவேண்டும். அதாவது பின்னோக்கிய உதை 204 நியூட்டன். கப்ளிங்கின் 724-உம் இதுவும் ஒரே நேரத்தில் உண்மை, இரண்டும் இரண்டு வெவ்வேறு கோடுகளுக்கான விடைகள். 724 நியூட்டனையும் வீரர் தாங்குகிறார் என்று எழுதுவது தவறு, அதன் பெரும்பகுதி ஹோஸின் துணிக்குள் இழுவிசையாக அடங்கிவிடுகிறது.

ஆகவே தேர்வில் பேனாவை எடுக்குமுன் கேள்வியின் கடைசி வரியை இன்னொருமுறை படியுங்கள். கேட்பது கப்ளிங்கையா, வீரரையா, நாசிலின் சுவரையா என்று முடிவான பிறகே புள்ளிக்கோட்டைத் தொடங்குங்கள்.